கைரேகைக்கு மாற வேண்டாம், கையெழுத்தை மாற்றுங்கள்

கேள்வி: அண்ணா, காரிமங்கலத்தில் மாட்டுத்தீவனக் கடை வைத்திருக்கிறேன். கண் நீர் அழுத்தத்தால் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போய், இப்போது வெளிச்சம் மட்டும்தான் தெரிகிறது. ஓசூர் கம்பெனிக்குக் கொடுத்த 62,000 ரூபாய் செக், கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று திரும்பி வந்துவிட்டது. கிளையில் கேட்டால், "இனிமேல் கைரேகை வையுங்கள், வீட்டுக்காரம்மாவைக் கூட்டாகச் சேருங்கள், செக் புக் வேண்டாம்" என்கிறார்கள். ஏ.டி.எம்.முக்கும் மகன்தான் போய் வருகிறான். பேசும் ஏ.டி.எம்., போன் ஆப் இதெல்லாம் நானே பயன்படுத்த முடியுமா?

பதில்: தம்பி, மற்றதெல்லாம் அப்புறம். முதலில் அந்த 62,000 ரூபாயை இன்றைக்கே நெஃப்ட் மூலம் கம்பெனி கணக்குக்கு அனுப்பிவிட்டு, அனுப்பியதற்கான பரிவர்த்தனை எண்ணை அவர்களிடம் சொல்லிவிடுங்கள். கணக்கில் பணம் இருந்தது, கையெழுத்தில்தான் கோளாறு, அதனால் வழக்கெல்லாம் வராது என்று பலர் நினைக்கிறார்கள். கையெழுத்து மாறியதால் திரும்பிய செக்கும் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவுக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 2012இல் சொல்லிவிட்டது. செக் திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் கம்பெனி நோட்டீஸ் அனுப்பலாம். நோட்டீஸ் கைக்கு வந்த 15 நாளுக்குள் பணம் கட்டிவிட்டால் வழக்கு இல்லை. அதுவரை இழுக்க விடுவானேன்? பணத்தை அனுப்பிய கையோடு அந்தப் பழைய செக்கையும் திரும்ப வாங்கிவிடுங்கள்.

இப்போது கைரேகை விஷயம். நானும் பார்வையில்லாதவன்தான், கிருஷ்ணகிரியில் ஒரு வங்கிக் கிளையில் வேலை செய்கிறேன். மேசைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து பழகியதால் சொல்கிறேன், கைரேகைக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். கைரேகைக் கணக்கு என்று ஒருமுறை பதிவாகிவிட்டால், பெரும்பாலான கிளைகளில் செக் புக் வராது. பணம் எடுக்க ஒவ்வொரு முறையும் நீங்களே பாஸ் புக்கோடு நேரில் போய் நிற்க வேண்டும். கடை நடத்துகிறவருக்கு அது கட்டுப்படியாகாது. கை நடுங்கியோ செயலிழந்தோ கையெழுத்தே போட முடியாதவர்களுக்காக வைத்த ஏற்பாடு அது. உங்கள் கைக்கு ஒன்றும் ஆகவில்லையே.

இதில் கிளை மேலாளர் தன் விருப்பப்படி முடிவு செய்ய இடமில்லை. செக் புக், அதுவும் மூன்றாம் நபருக்குக் கொடுக்கும் செக் உட்பட, ஏ.டி.எம்., நெட் பேங்கிங், லாக்கர், கடன் எல்லாவற்றையும் பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்குப் பாகுபாடு இல்லாமல் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2008 ஜூன் 4ஆம் தேதி எல்லா வங்கிகளுக்கும் சுற்றறிக்கை அனுப்பியது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016இன் 13ஆம் பிரிவும் நம் பண விவகாரங்களை நாமே நிர்வகிக்கும் உரிமையைச் சொல்கிறது. வீட்டுக்காரம்மாவைச் சேர்ப்பது நல்ல யோசனையாகவும் இருக்கலாம், அது உங்கள் குடும்ப விஷயம். ஆனால் சேர்த்தால்தான் செக் புக் என்று வங்கி நிபந்தனை போடக் கூடாது.

ஆனால் ஒன்று, செக்கைத் திருப்பிய அலுவலர் மேலும் முழுத் தப்பில்லை. செக் இப்போது தாளாகப் பயணிப்பதில்லை, படமாகத்தான் போகிறது. 2025 அக்டோபர் 4 முதல் நடைமுறையும் மாறிவிட்டது. காலையிலிருந்து படங்கள் வந்துகொண்டே இருக்கும். நம் வங்கி அன்று மாலை 7 மணிக்குள் சரி, சரியில்லை என்று சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால் ஏற்றுக்கொண்டதாகவே கணக்கு. உள்ளே இருப்பவர் திரையில் ஒரு பக்கம் செக்கின் படத்தையும் மறு பக்கம் நீங்கள் பார்வையோடு இருந்த காலத்தில் போட்ட மாதிரிக் கையெழுத்தையும் வைத்துப் பார்ப்பார். இரண்டும் இரண்டு ஆள் போட்டது போல இருந்தால், 62,000 ரூபாய்க்குத் தன் தலையை அடகு வைக்க மாட்டார், திருப்பிவிடுவார். ஆகவே அவரோடு சண்டை போட்டுப் பயனில்லை, அந்தப் பழைய மாதிரியைத்தான் மாற்ற வேண்டும்.

புதுக் கையெழுத்தை இன்றே கிளைக்குப் போய்ப் போட்டுவிடாதீர்கள். முதலில் வீட்டில் உட்கார்ந்து அதை உருவாக்குங்கள். பார்வை போனபின் கையெழுத்து எங்கே கெடுகிறது என்று பார்த்தால், பெரும்பாலும் கையைத் தூக்கித் திரும்ப வைக்கும் இடத்தில்தான். தமிழில் கையெழுத்துப் போடுகிறவர்களுக்கு இது இன்னும் சிக்கல். பெயர் 'ன்' என்று முடிந்தால், எழுதி முடித்தபின் புள்ளி வைக்கக் கை திரும்பிப் போகும். அது ஒரு நாள் எழுத்தின் தலையில் விழும், ஒரு நாள் அடுத்த ஊரில் விழும். அடியில் இழுக்கும் கோடும் அப்படித்தான், ஒரு தடவை எழுத்துக்குக் கீழே, ஒரு தடவை எழுத்தின் வயிற்றிலேயே. அதனால் புதுக் கையெழுத்தில் புள்ளியும் வேண்டாம், அடிக்கோடும் வேண்டாம். பேனாவை வைத்தால் எடுக்காமல் ஒரே ஓட்டத்தில் முடிகிற மாதிரி, நாலைந்து வளைவுக்குள் ஒன்றை அமைத்துக்கொள்ளுங்கள். முழுப் பெயரும் படிக்கும்படி இருக்க வேண்டிய அவசியம் இல்லை. அதே சமயம் வெறும் கிறுக்கலாகவும் இருக்கக் கூடாது, யார் வேண்டுமானாலும் போட்டுவிடுவார்கள்.

அப்புறம் ஒரு அட்டை செய்துகொள்ளுங்கள். செக் தாளின் அளவு 202 மில்லிமீட்டர் அகலம், 92 மில்லிமீட்டர் உயரம். தடித்த ஃபைல் அட்டையை அதே அளவுக்கு வெட்டி, வலது கீழ்ப்பக்கம் கையெழுத்து வரும் இடத்தில் சுமார் ஏழு சென்டிமீட்டர் நீளம், ஒன்றரை சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு சன்னல் திறக்கச் சொல்லுங்கள். சன்னலின் கீழ் விளிம்பு, செக்கின் அடியில் காந்த மை எண்கள் ஓடும் வெள்ளைப் பட்டைக்கு மேலே நிற்க வேண்டும். அந்தப் பட்டையில் பேனா படக் கூடாது. மகனிடம் சொன்னால் பழைய செக் ஒன்றை மேலே வைத்துப் பத்து நிமிடத்தில் வெட்டிக் கொடுத்துவிடுவான். பயன்படுத்தும்போது செக்கைப் புத்தகத்திலிருந்து கிழிக்காமலே அட்டையை மேலே வையுங்கள். தைத்த ஓரம் இடது பக்கம் இருப்பதால் தலைகீழ், முன் பின் குழப்பம் வராது. அட்டையின் மூலையும் தாளின் மூலையும் விரலுக்கு ஒன்றாகத் தட்டுப்பட வேண்டும். இடது ஆள்காட்டி விரலைச் சன்னலின் இடது ஓரத்தில் வைத்து, பேனா முனையை அந்த விரலில் தொட்டுத் தொடங்கினால் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் தொடங்குவீர்கள். உயரமும் சன்னலுக்குள் அடங்கிவிடும்.

சின்ன விஷயம்தான், ஆனால் மாட்டிவிடும்: பேனாவில் மை வருகிறதா என்று நமக்குத் தெரியாது. அழுத்தி எழுதினால் தாளில் பள்ளம் விழும், எழுதிவிட்டோம் என்றே தோன்றும். செக்கோ கையெழுத்தே இல்லை என்று திரும்பும். கடையில் செக்குக்கென்று ஒரு பால் பாயிண்ட் பேனாவைத் தனியாக வையுங்கள். ஒவ்வொரு முறையும் துண்டுத் தாளில் கிறுக்கி, பக்கத்தில் இருப்பவரிடம் மை தெரிகிறதா என்று கேட்டுக்கொண்டு போடுங்கள்.

கை ஒரே மாதிரி ஓடத் தொடங்கியதும் ஆதார், பான், இரண்டு புகைப்படம் எடுத்துக்கொண்டு கிளைக்குப் போங்கள். மாதிரிக் கையெழுத்து மாற்றக் கோரி ஒரு கடிதம் கொடுக்க வேண்டும். இப்படி எழுதினால் போதும்:

"எனக்குப் பார்வைக் குறைபாடு ஏற்பட்டுள்ளதால் என் பழைய மாதிரிக் கையெழுத்தை மாற்றி, இத்துடன் உள்ள புதிய கையெழுத்தைப் பதிவு செய்யவும். கணக்கை நானே தனியாக இயக்குவேன். செக் புத்தக வசதி தொடர வேண்டும். செக்கில் கையெழுத்து குறித்துச் சந்தேகம் வந்தால், திருப்பும் முன் என் பதிவு செய்த எண்ணில் அழைக்கக் கோருகிறேன்."

அலுவலர் முன்னிலையில் மாதிரி போடும்போதும் அந்த அட்டையையே வைத்துப் போடுங்கள். இதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். கிளையில் வெறும் கையால் பெரிதாகப் போட்டுவிட்டு, கடையில் அட்டை வைத்துச் சின்னதாகப் போட்டால் பழைய கதைதான். கடிதத்தின் நகலில் சீல், தேதியோடு ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். புது மாதிரி கணினியில் ஏறிவிட்டதா என்று கேட்டுத் தெரிந்தபின் அடுத்த செக்கைக் கொடுங்கள்.

செக்கில் பெயரும் தொகையும் யார் எழுதுவது? சட்டப்படி யார் வேண்டுமானாலும் எழுதலாம், கையெழுத்து மட்டும் உங்களுடையதாக இருக்க வேண்டும். அதில்தான் ஆபத்தும் இருக்கிறது. வெற்றுச் செக்கில் கையெழுத்துப் போட்டு எடுத்து வைப்பதை இன்றோடு விட்டுவிடுங்கள். ஒருவர் எழுதட்டும், இன்னொருவர் உங்களுக்குப் படித்துக் காட்டட்டும், அப்புறம் கையெழுத்து. எழுதியதில் தப்பு வந்தால் அடித்துத் திருத்தவும் கூடாது. பெயரிலோ தொகையிலோ திருத்தம் இருந்தால் பட முறையில் செக் செல்லாது, புதுத் தாளில்தான் எழுத வேண்டும்.

இதற்கு மேலும் ஒரு பூட்டு இருக்கிறது, நம்மைப் போன்றவர்களுக்கே செய்தது மாதிரி. பாசிட்டிவ் பே என்பார்கள். 50,000 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள செக்குகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் வந்தது. செக் எண், தேதி, யார் பெயருக்கு, எவ்வளவு தொகை என்பதை வங்கிக்கு ஆப் மூலமோ கிளையிலோ முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். செக் வரும்போது அந்த விவரத்தோடு ஒப்பிடுவார்கள். 62,000 என்று நீங்கள் சொல்லியிருக்க, யாரோ 82,000 ஆக்கினால் அங்கேயே மாட்டிக்கொள்ளும். செக்கில் எழுதியதை நம்மால் பார்க்க முடியாது. ஆனால் போனில் இந்த விவரத்தை நாமே தட்டி, காதால் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம். ஓசூர் கம்பெனிக்கு மாதாமாதம் இந்த அளவில் செக் போகிறதென்றால் ஒன்றுவிடாமல் பதிந்துவிடுங்கள்.

அடுத்தது ஏ.டி.எம். 2014 ஜூலை 1 முதல் புதிதாக வைக்கிற எந்த ஏ.டி.எம்.மும் பேச வேண்டும், அதில் பிரெய்ல் விசைகள் இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. நடைமுறையில் தர்மபுரி நாலு ரோட்டில் ஒன்று பேசும், அடுத்த கதவில் இருப்பது ஊமையாக நிற்கும். அதனால் கார்டை எடுக்கும் முன் இயர்போனைச் செருகிப் பாருங்கள். வயர் உள்ள, 3.5 மில்லிமீட்டர் முனை கொண்ட பழைய மாதிரி இயர்போன்தான் வேண்டும், ப்ளூடூத் உதவாது. துளை பெரும்பாலும் விசைப்பலகைக்கு அருகிலோ கார்டு போடும் இடத்துக்கு அருகிலோ இருக்கும். முனை முழுதாக உள்ளே போனதும் சில விநாடிகளில் குரல் வர வேண்டும். வரவில்லையென்றால் ஒருமுறை எடுத்துத் திரும்பச் செருகுங்கள், சில சமயம் துளையில் தூசி அடைத்திருக்கும். அப்போதும் மௌனம் என்றால் அந்த இயந்திரம் வேண்டாம். மகனோடு ஒரு நாள் சுற்றி, பேசுகிற ஒன்றைக் கண்டுபிடித்து அதையே வழக்கமாக வைத்துக்கொள்வதுதான் நிம்மதி. விசைகள் இல்லாமல் திரையை மட்டும் தொடச் சொல்லும் இயந்திரமாக இருந்தால் கிட்டவே போகாதீர்கள்.

விசைப்பலகை போனில் உள்ளது போலவே மேலே 1, 2, 3 என்று தொடங்கும். நடுவில் 5இன் மேல் ஒரு புள்ளி தட்டுப்படும், அங்கிருந்து மற்றதை எண்ணிக்கொள்ளலாம். வலது ஓரத்து விசைகளில் பெருக்கல் குறி புடைத்திருந்தால் ரத்து, வட்டம் புடைத்திருந்தால் சரி. திரையை இருட்டாக்க வேண்டுமா என்று குரல் கேட்டால் ஆம் என்று கொடுங்கள், பின்னால் நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது, உங்களுக்குக் குரல் ஓடிக்கொண்டே இருக்கும். பின் எண்ணை அழுத்தும்போது இயந்திரம் எண்களைச் சொல்லாது, ஒரு சின்ன ஒலி மட்டும் வரும். தொகையை மட்டும் திருப்பிச் சொல்லிக் கேட்கும், அதை முழுதாகக் கேட்டபின் உறுதி செய்யுங்கள். கார்டு எந்தப் பக்கம் என்று அடையாளத்துக்கு ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள், உள்ளே சிக்கிக்கொள்ளும். சிப்பின் உலோகத் தகடு விரலுக்குத் தெரியுமே, அதுவே போதும்.

நோட்டை எடுத்ததும் அங்கேயே எண்ண வேண்டாம், ஓரமாக வந்து எண்ணுங்கள். புது 100, 200, 500 மூன்றுக்கும் உயரம் ஒன்றுதான், 66 மில்லிமீட்டர். நீளம்தான் 142, 146, 150 என்று மாறுகிறது. அந்த நாலு மில்லிமீட்டரை விரலால் பிரிப்பது கடினம். ஓரத்தில் உள்ள சாய்ந்த கோடுகளைத் தடவினால் 100இல் நாலு, 500இல் ஐந்து. 200இல் நாலு கோட்டோடு நடுவில் இரண்டு வட்டம். கசங்கிய நோட்டில் இதெல்லாம் தேய்ந்துவிடும். அதற்கு ரிசர்வ் வங்கியின் 'மணி' என்ற இலவச ஆப் 2020 முதல் இருக்கிறது. கேமராவைக் காட்டினால் எத்தனை ரூபாய் என்று சொல்லும், இணையமும் வேண்டாம். ஆனால் நல்ல நோட்டா கள்ள நோட்டா என்று அது சொல்லாது, கடையில் இதை மறந்துவிடாதீர்கள்.

கணக்கில் பணம் கழிந்து இயந்திரம் பணம் தராமல் போனால், ஐந்து நாளுக்குள் வங்கி திரும்ப வரவு வைக்க வேண்டும். தாண்டினால் நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. அதைக் கேட்டு வாங்க இயந்திரத்தின் எண் தேவைப்படும், அது ரசீதில் இருக்கும். அதனால் ரசீது வேண்டுமா என்று கேட்டால் வேண்டும் என்றே சொல்லுங்கள்.

போனுக்கு வருவோம். ஆண்ட்ராய்டில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ் ஓவர் என்று திரைவாசிப்பான் ஏற்கனவே உள்ளே இருக்கிறது, காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் இரண்டு ஒலிப் பொத்தான்களையும் ஒன்றாகச் சில விநாடி அழுத்தினால் டாக்பேக் பேசத் தொடங்கும். இதை முதலில் போன் பேசுவதற்கும் மெசேஜுக்கும் பழகுங்கள், நேராகப் பணத்தில் இறங்காதீர்கள்.

யு.பி.ஐ.யில் தொகை போடும் இடத்தில்தான் எனக்கே கவனம் அதிகம் தேவைப்படுகிறது. 5,000 என்று நினைத்துக்கொண்டு ஒரு சுழி கூடிவிட்டால், குரல் வேகமாகப் படிக்கையில் காது ஏமாந்துவிடும். டாக்பேக்கின் வாசிப்பு முறையை 'எழுத்து எழுத்தாக' என்று மாற்றி, ஐந்து, பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம் என்று தனித்தனியாகக் கேளுங்கள். அப்புறம் பின் எண் கேட்கும் பக்கத்தில் மேலே பெறுபவர் பெயரும் தொகையும் இருக்கும். அவசரத்தில் விரல் நேராக எண்களுக்குப் போய்விடும். மேலிருந்து ஒருமுறை நகர்த்திக் கேட்டுவிட்டு, அப்புறம் பின் எண்ணைப் போடுங்கள். பின் எண்களை விரல் தொடும்போது டாக்பேக் ஒவ்வொன்றையும் உரக்கச் சொல்லும் என்பதால் கடையில் இயர்போன் இல்லாமல் போடவே கூடாது. டாக்பேக் மெனுவில் திரையை மறைக்கும் வசதியும் இருக்கிறது. ஐபோனில் மூன்று விரலால் மூன்று முறை தட்டினால் அதே வேலை நடக்கும்.

ஆப்புகள் எல்லாம் ஒழுங்காகப் பேசும் என்று எதிர்பார்க்காதீர்கள். சிலவற்றில் பொத்தானைத் தொட்டால் "பெயரிடப்படாத பொத்தான்" என்று மட்டும் வரும். டாக்பேக் மெனுவில் அதற்கு நாமே பெயர் வைக்க வழி உண்டு, சில பொத்தான்கள் அதற்கும் மசியாது. நேற்று வரை பேசிய ஆப், அப்டேட் வந்ததும் வாயை மூடிக்கொள்வதும் உண்டு. சரி, அதற்காகக் கடையை மூட முடியுமா? ஒரே கணக்கை இரண்டு யு.பி.ஐ. ஆப்பில் இணைத்து வைத்துக்கொண்டால் ஒன்று படுத்தாலும் இன்னொன்று ஓடும். இரண்டும் வேண்டாம், பட்டன் போன்தான் வசதி என்றால் 2022 மார்ச்சில் வந்த யு.பி.ஐ. 123பே இருக்கிறது. ஓர் எண்ணுக்கு அழைத்து, குரல் சொல்வதைக் கேட்டு எண்களை அழுத்தி அனுப்பலாம்.

வங்கி ஆப்பில் கே.ஒய்.சி. புதுப்பிக்கும்போது "கண்ணைச் சிமிட்டுங்கள்" என்று கேட்டு நம்மை நிராகரிப்பது வழக்கமாக இருந்தது. 2025 ஏப்ரல் 30 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் வசதியை அணுகுவதும் வாழும் உரிமையின் பகுதி என்று சொல்லி, சிமிட்டலுக்கு மாற்று வழி வைக்கவும் உத்தரவிட்டது. ஆப்பில் இன்னும் தடுத்தால் அந்தத் தேதியைச் சொல்லிக் கிளையிலேயே கே.ஒய்.சி.யை முடித்துத் தரக் கேளுங்கள்.

கடிதம் கொடுத்தும் செக் புக் தர மறுத்தால், மறுப்பை எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் பேச்சு அங்கேயே மாறிவிடும், "சட்டம் இதைத் தடுக்கிறது" என்று எழுதித் தர யாரும் முன்வர மாட்டார்கள். அப்படியும் நகரவில்லை என்றால் வங்கியின் குறைதீர் பிரிவுக்குப் புகார் அனுப்பிப் புகார் எண் வாங்குங்கள். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் பதியலாம். விவரம் கேட்க 14448. புகாரோடு சீல் போட்ட அந்தக் கடித நகல், செக் திரும்பிய மெமோ, மாற்றுத்திறனாளி அடையாள அட்டை மூன்றையும் சேருங்கள். அட்டை இன்னும் எடுக்கவில்லை என்றால் தர்மபுரி ஆட்சியர் அலுவலக வளாகத்திலேயே கேட்டு, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். அது வரும்வரை கண் மருத்துவரின் சான்றை இணைத்தே புகாரைத் தொடங்கலாம்.